31 டிகிரிக் குசினியில பட்டர் கேக்: க்ரீமிங், ரிவர்ஸ் க்ரீமிங், ஓல்-இன்-வன், எது எதுக்கு?

கல்லடி_கேக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு தட்டா அடுக்கி மேல ஃபொண்டன்ட் போடுற பட்டர் கேக் ஒண்டுக்கு ஓடர் இருக்கு. வழமையான அளவு இது: பட்டர் 250 கிராம், சீனி 250, கோதுமை மா 250, முட்டை 5, பால் 60 மில்லிலீட்டர், பேக்கிங் பவுடர் ஒண்டரைத் தேக்கரண்டி, வனிலா. 8 அங்குலச் சதுர டின், 165 டிகிரி. பட்டரையும் சீனியையும் முதல்ல அடிச்சு, முட்டையை ஒவ்வொண்டா விட்டு, கடைசியில மா போடுற க்ரீமிங் முறைதான்.

பிரச்சின மூண்டு. நடு மேடாகி வெடிக்குது. அந்த மேட்டை வாளால அறுத்தெடுத்தா மேற்பரப்பு உதிர்ந்து கொட்டுது, ஐசிங்கோட துகள் கலந்து வருது. வெட்டிப் பார்த்தா மேல்பாதியில ஓட்டை, அடியில விரல் மொத்தத்துக்கு மினுங்கலா, பிசினா ஒரு கோடு. மாவில பட்டரை முதல்ல பிசறுற ரிவர்ஸ் க்ரீமிங் முறை நல்லம் எண்டு சிலர் சொல்லுறாங்க, எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு அடிக்கிற ஓல்-இன்-வன் போதும் எண்டு வேற சிலர். அடுக்கிற கேக்குக்கு எதைப் பிடிக்கிறது?

ஏறாவூர்_நானா

தங்கச்சி, முறையில ஒண்டுமில்ல, சீனியிலதான் விசயம். கடையில வாற சீனி மொத்த மணி. அது கரையாம நிண்டு ஓட்டை விழும். ஐசிங் சீனி போட்டு அடிங்க, அஞ்சு நிமிசத்தில வெள்ளையா வரும். அடியில கோடு விழுறது எழும்பாம நிக்கிறதால. பேக்கிங் பவுடரை இன்னும் ஒரு தேக்கரண்டி கூட்டினா அது போயிரும்.

சாய்ந்தமருது_ராத்தா

நானா சொன்னதில பாதி சரி. மொத்தச் சீனி எங்கட கேக்குக்குச் சரிவராது, அதை மிக்சியில ரெண்டு மூண்டு தரம் விட்டு விட்டுச் சுத்தி, ரவையை விட மெல்லிசா எடுக்கிறது நல்லம். ஆனா ஐசிங் சீனி மட்டும் போகக் கூடாது. பட்டருக்குள்ள காத்தைக் கொண்டு போறது சீனி மணியிட கூர் விளிம்புதான். மாப் பதத்தில இருக்கிற சீனிக்கு அந்த விளிம்பு இல்ல. பார்க்க வெள்ளையா வரும், உள்ள காத்து குறைவா இருக்கும். அதோட ஐசிங் சீனியில சோளமாவும் கலந்திருக்கும்.

பேக்கிங் பவுடரைக் கூட்டுறது இந்த இடத்தில பிழையான மருந்து. பேக்கிங் பவுடர் புதுசாக் குமிழி உண்டாக்காது, நாம அடிச்சு உள்ள வச்ச குமிழியைத்தான் ஊதிப் பெருப்பிக்கும். குமிழி குறைவா இருக்கிற கலவையில பவுடரைக் கூட்டினா இருக்கிற கொஞ்சக் குமிழியும் பெரிசாகி ஒண்டோடொண்டு உடைஞ்சு ஓட்டையாகும், நடு எழும்பிப் பிறகு அமரும். மகள் சொல்லுற ஓட்டை அப்படி வந்ததாத்தான் தெரியுது.

முறையைப் பற்றிக் கதைக்க முந்தி ரெண்டு விசயம் தெரியணும். அடிக்கத் தொடங்கக்குள்ள பட்டர் எந்தப் பதத்தில இருந்திச்சு? முட்டை பிரிட்ஜில இருந்து எடுத்ததா, கடையில வாங்கி அப்படியே வெளியில வச்சதா?

வாழைச்சேனை_தம்பி

அக்கா, க்ரீம் உருகுறதுக்குக் காரணம் எங்கட வெயில்தான். பட்டர் க்ரீமில பாதிக்கு ஷோர்ட்னிங் போடுங்க, மேல ஃபொண்டன்ட் இருந்தாலும் வழுக்காது. நான் கோடை காலத்தில அப்படித்தான் செய்யிறன்.

கல்லடி_கேக்ஸ்

தம்பி, நீங்க சொல்லுறது மேல பூசுற க்ரீம். நான் கேட்டது கேக் கலவையை அடிக்கிற முறை. ஆனா அந்தக் குறிப்பும் உதவும், எடுத்து வைக்கிறன்.

ராத்தா, பட்டரை ஒரு மணித்தியாலம் மேசையில வச்சுத்தான் அடிக்கிறது. விரல் வச்சா உள்ள இறங்கும், மேல மினுங்கும். முட்டை வெளியிலதான். பட்டரும் முட்டையும் அறை வெப்பநிலையில இருக்கணும் எண்டுதான் எல்லா இடத்திலயும் எழுதியிருக்கு. அண்டைக்குக் குசினியில 31 டிகிரி.

சாய்ந்தமருது_ராத்தா

அங்கதான் இருக்கு மகள். அந்தக் குறிப்பெல்லாம் 20, 21 டிகிரி அறையில இருந்து எழுதினது. எங்கட கரையில 30, 31 எண்டா அது அறை வெப்பநிலைதான், ஆனா பட்டருக்கு அது கிட்டத்தட்ட உருகுற நிலை.

க்ரீமிங் எண்ட முறையே பட்டர் பாதி இறுகி, பாதி இளகி இருக்கிற நேரத்தை நம்பித்தான் இருக்கு. 18 இலிருந்து 20 டிகிரிக்குள்ள பட்டர் வளையும், உடையாது, சீனி கீறின இடத்தில காத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். 23, 24க்கு மேல போனா இளகிப் பிடிமானம் போயிரும், எவ்வளவு அடிச்சாலும் காத்து வெளியில போகும். மேல மினுங்கல் தெரிஞ்சா அது எண்ணெய் கசிஞ்ச அடையாளம், அந்தப் பட்டர் க்ரீமிங்குக்கு முடிஞ்சு போச்சு. திரும்பப் பிரிட்ஜில வச்சு இறுக்கினாலும் முந்தின மாதிரி வராது, பிஸ்கட் மாதிரி வேற வேலைக்கு எடுங்க.

பிரிட்ஜில இருந்து எடுத்து ஒரு அங்குலத் துண்டா வெட்டித் தட்டில பரப்பினா எங்கட குசினியில பத்துப் பதினைஞ்சு நிமிசம் போதும். விரலால அமர்த்தினா பள்ளம் விழணும், விரல் உள்ள போகக் கூடாது, தொட்ட விரலில பளபளப்பு ஒட்டக் கூடாது. அடிக்கிற பீட்டரும் சூட்டைக் கூட்டும், அதால கொஞ்சம் முந்தியே, 17, 18இல தொடங்குறது நல்லம். மீற்றர் இருந்தாப் பாருங்க, இல்லாட்டி விரல் சொல்லும்.

இப்ப முட்டை. குளிர் நாட்டில குளிர்ந்த முட்டை விட்டா கலவை திரிஞ்சு போகும் எண்டு பயப்படுறாங்க. அது உண்மை. ஆனா எங்களுக்கு அதுக்கு மறுபக்கம். 31 டிகிரி முட்டையை விட்டா அது பட்டரை உருக்கும். எண்ணெயும் தண்ணியும் பிரியும், கலவை தளர்ந்து எண்ணெய்ப் பிடிப்பாத் தெரியும். அந்தக் கனமான ஈரப் பகுதி அவணில அடியில இறங்கி நிக்கும். மகள் சொல்லுற பிசின் கோட்டுக்கு நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான். வேகாம எடுத்தாலும் அப்படி ஒரு கோடு விழும், அதையும் பாருங்க. குச்சியை நடுவில மட்டுமில்ல, அடிவரைக்கும் குத்தணும்.

ஆரையம்பதி_வாத்தி

ராத்தா சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரே எடையுள்ள பொருட்களில் முட்டை, பட்டரையும் சீனியையும் விட அதிக வெப்பத்தைச் சுமக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். 250 கிராம் பட்டரும் 250 கிராம் சீனியும் சேர்ந்து 21 டிகிரியில் இருக்கும்போது, 31 டிகிரியில் உள்ள ஐந்து முட்டை, அதாவது ஓடு நீக்கி ஏறக்குறைய 250 கிராம் உள்ளே போனால், கலவை கிட்டத்தட்ட 26 டிகிரிக்கு வந்து நிற்கும். எடையில் பாதிதான் என்றாலும் வெப்பக் கணக்கில் முட்டை அதற்குச் சமமாகவே இருக்கிறது. அதே முட்டை 20 டிகிரியில் இருந்தால் கலவை அசையாமல் இருக்கும், பீட்டரின் உரசல் ஒன்றிரண்டு டிகிரி கூட்டுவதைத் தவிர.

ஆகவே முட்டையைப் பிரிட்ஜில் வைத்து, அடிக்கத் தொடங்க 10, 15 நிமிடம் முந்தி வெளியே எடுத்தால் போதுமானது. ஒரு கேள்வி: கலவை ஏற்கனவே பிரிந்துவிட்டால் திரும்பக் கொண்டு வர முடியுமா?

சாய்ந்தமருது_ராத்தா

முடியும் சேர், ஆனா எதால பிரிஞ்சது எண்டு பார்த்துத்தான். சட்டியைத் தொட்டுப் பாருங்க. குளிர்ந்து, தயிர் திரிஞ்ச மாதிரி மணி மணியாத் தெரிஞ்சா சட்டியிட அடியை இளஞ்சூட்டுத் தண்ணியில அரை நிமிசம் வச்சு அடிங்க. தளர்ந்து, எண்ணெய் மினுங்கினா மறுபக்கம்: ஐஸ் போட்ட தண்ணியில சட்டியை வச்சு ரெண்டு மூண்டு நிமிசம் விட்டு அடிங்க. ரெண்டுக்கும் அளந்து வச்ச மாவில ஒரு மேசைக்கரண்டி தூவினா சேர்ந்து வரும். பட்டர் முழுக்க எண்ணெயாகிப் போயிருந்தா முட்டையைக் கலந்து கட்டினாலும் காத்து திரும்ப வராது. கேக் வேகும், ஆனா கனமா இருக்கும்.

அக்கரைப்பற்று_பேக்கரி

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பெரிய அளவில செய்யிற எல்லாரும் ஓல்-இன்-வன்தான். மா, சீனி, முட்டை, மாஜரின், பால், கேக் ஜெல் எல்லாத்தையும் சட்டியில போட்டு மெதுவா ஒரு நிமிசம், வேகமா நாலஞ்சு நிமிசம். கலவை வெள்ளையா, ஐஸ்கிரீம் மாதிரி நிக்கும். வெயில் எவ்வளவு எண்டாலும் பிரியாது. க்ரீமிங்கில வாற எல்லாம் இதிலயும் வரும், நேரம் மட்டும் மிச்சம்.

சாய்ந்தமருது_ராத்தா

நானா, வேலை நடக்கும், அதை மறுக்கல்ல. ஆனா க்ரீமிங்கில வாற எல்லாம் வராது. ஜெல்லில இருக்கிற எமல்சிஃபயர் முட்டையும் தண்ணியும் இருக்கிற பக்கத்தில காத்தைப் பிடிச்சு வைக்குது. அதால கொழுப்புக் குறைஞ்ச ஸ்பொஞ்சுக்கு அது அருமை, சின்னச் சின்னக் குமிழி, ஒரே சீரான உள்பக்கம். ஆனா மாவும் பட்டரும் சம எடைக்கு இருக்கிற கலவையில கொழுப்பு அந்த நுரையை உடைக்கும். நீங்க சொல்லுற கேக்கில கொழுப்பு மாவில பாதிக்கும் குறைவா இருக்கும் எண்டு நினைக்கிறன்.

ஜெல் இல்லாம வீட்டில செய்யிற ஓல்-இன்-வன் வேற. அதுக்கு மென்மையான மாஜரின்தான் வேணும், பட்டர் இல்ல. மாஜரின் பிரிட்ஜில இருந்து வந்தாலும் இளகி இருக்கும், எங்கட சூட்டிலயும் சட்டெண்டு எண்ணெயாகாது. காத்து ஏறக் கிடைக்கிறது ரெண்டு நிமிசம் மட்டும், அந்தக் குறைக்குப் பேக்கிங் பவுடரைக் கூட்டணும். 250 கிராம் மாவுக்கு க்ரீமிங்கில ஒண்டரைத் தேக்கரண்டி எண்டா இதில ரெண்டரை. உள்பக்கம் கொஞ்சம் பெரிய, உருண்டைக் குமிழியா, தளர்வா வரும். அண்டைக்குத் தின்ன மெதுமெது. வெட்டினா உதிரும், அடுத்த நாள் உலரத் தொடங்கும். கப் கேக், தட்டில வெட்டிக் குடுக்கிற கேக்குக்கு நல்லம். அடுக்கி ஃபொண்டன்ட் போட நான் எடுக்க மாட்டன்.

ரெண்டு நிமிசத்துக்கு மேல அடிக்கிறதுதான் இதில கூட நடக்கிற பிழை. மா ஏற்கனவே ஈரத்தோட இருக்கு, கொழுப்பு அதை மூட முந்தியே அடி விழுகுது. மூண்டு, நாலு நிமிசம் போனா மாவில இழை இறுகும், உள்ளால நெட்டுக்குச் சுரங்கம் மாதிரி ஓட்டை ஓடும், மேற்பக்கம் கூம்பும்.

அக்கரைப்பற்று_பேக்கரி

கொழுப்பு மாவில பாதிக்குக் குறைவுதான், அது சரி. ஆனா ஜெல்லோட பட்டர் கேக் வராது எண்டு மட்டும் சொல்லாதீங்க ராத்தா. சீனி, முட்டை, ஜெல்லை முதல்ல அடிச்சு, உருக்கின பட்டரைக் கடைசியில மெதுவாச் சேர்த்தா 250க்கு 250லயும் எழும்பும்.

சாய்ந்தமருது_ராத்தா

எழும்பலாம். ஆனா அது ஓல்-இன்-வன் இல்ல நானா, ஸ்பொஞ்ச் முறை. அதிட உள்பக்கம் இழுபட்டு வரும், பட்டர் கேக்கிட அந்த உடைஞ்சு கரையிற தன்மை வராது. ஆளாளுக்கு விருப்பம் வேற.

களுவாஞ்சிக்குடி_மாமி

ராத்தா, சந்தடி சாக்கில என்ட கேள்வியும். ரிபன் கேக். மூண்டு நிறத்துக்குப் பிரிச்சுக் கலர் விட்டுக் கிண்டுறன். பச்சையும் றோசும் இறுக்கமா, ஓட்டையோட வருது, கலர் போடாத பகுதி மட்டும் மெதுவா இருக்கு. கலரில ஏதும் கூடாததா?

சாய்ந்தமருது_ராத்தா

மாமி, கலரில இல்ல, கிண்டினதில. மாப் போட்ட பிறகு கலர் விட்டு, அது ஒரே சீராப் பரவுற வரைக்கும் கிண்டுறீங்க. கலர் போடாத பங்குக்கு அந்தக் கிண்டல் விழல்ல. ஒரே சட்டிக் கலவைதான், வித்தியாசம் உங்கட கையில.

முட்டை எல்லாம் சேர்ந்த உடனே, மா போட முந்தி, கலவையை எடை பார்த்து மூண்டாப் பிரியுங்க. அந்த நேரம் கலரைப் போட்டு நல்லா அடிங்க, மா இல்லாததால ஒண்டும் இறுகாது. பிறகு மாவையும் பாலையும் மூண்டு பங்காக்கி ஒவ்வொரு சட்டியிலயும் தனித்தனியா மடிச்சு விடுங்க. வேண்டிய நிறத்தை விட ஒரு சொட்டுக் கூடவாப் போடுங்க, மா சேர்ந்தா நிறம் மங்கும். ஜெல் கலர் எண்டா இன்னும் வசதி, கலவையில தண்ணி சேராது.

கல்லடி_கேக்ஸ்

அப்ப அடுக்கிற கேக்குக்கு ரிவர்ஸ் தானே மிச்சம்? என்ட அளவிலேயே அதை எப்படிச் செய்யிறது எண்டு ஒருக்கா முழுக்கச் சொல்லுங்க ராத்தா. இணையத்தில பார்த்ததில மாவும் பட்டரும் மணல் மாதிரி வரணும் எண்டு போட்டிருக்கு.

சாய்ந்தமருது_ராத்தா

சொல்லுறன். முதல்ல அந்த மணல் பதம். மாவை விடப் பட்டர் குறைஞ்ச குறிப்பில அது உண்மை. உங்கட அளவில மாவும் பட்டரும் சமம். பாதிப் பட்டர் சேர்ந்த இடத்தில மணல் பதம் ஒருக்காத் தெரியும், முழுதும் சேர்ந்ததும் தடிச்ச பசையா வந்திரும். மணலைக் காணல்ல எண்டு பயந்து மாவைக் கூட்டிராதீங்க.

250 மாவில 215 கோதுமை மா, 35 கோர்ன்ஃப்ளவர். பேக்கிங் பவுடர் ரெண்டு தேக்கரண்டி, க்ரீமிங்கை விட அரை கூட. ஏனெண்டா இதில முதல்ல காத்து ஏறுறது குறைவு. உப்பில்லாத பட்டர் எண்டா கால் தேக்கரண்டி உப்பு. மூண்டையும் சலிச்சு, மிக்சியில சுத்தின 250 சீனியைச் சேர்த்து, பீட்டரை ஆகக் குறைஞ்ச வேகத்தில அரை நிமிசம் விடுங்க.

பட்டர் 19, 20 டிகிரியில, சின்னத் துண்டா. நாலஞ்சு துண்டா இடைவெளி விட்டுப் போட்டு, குறைஞ்ச வேகத்திலேயே ஓட விடுங்க. கடைசித் துண்டும் போய், வெள்ளை மா ஒரு இடத்திலயும் தெரியாம, கட்டி இல்லாத பசையா வரணும். விரலில எடுத்து நசிச்சுப் பாருங்க. பட்டர் மணி தட்டுப்பட்டா இன்னும் அரை நிமிசம்.

முட்டை 5, பால் 60, வனிலா, எல்லாத்தையும் ஒரு ஜக்கில கலக்கிக் கொள்ளுங்க. மொத்தம் 310 கிராம் வரும். அதில கிட்டத்தட்ட 140 கிராமை விட்டு, மெதுவா நனைச்சு, பிறகு நடு வேகத்தில ஒண்டு, ஒண்டரை நிமிசம் அடிங்க. இந்த ஒண்டரை நிமிசத்திலதான் காத்தும் ஏறும், கேக்கைத் தாங்குற கட்டுமானமும் வரும். இதுக்குப் பயந்து குறைச்சா அடுக்கும்போது கேக் உடையும். மிச்சத்தை ரெண்டு தரமா விட்டு, ஒவ்வொரு தரமும் இருபது முப்பது செக்கன். ஒவ்வொரு முறையும் சட்டியிட அடியையும் பக்கத்தையும் வழிக்கணும். இந்த முறையில அடியில ஒட்டி நிக்கிற பட்டர்ப் பசைதான் பிறகு கேக்கில எண்ணெய்த் திட்டா வரும்.

அவண் 160. 50 இலிருந்து 60 நிமிசம். டின்னுக்கு வெளியால ஈரத் துணிப் பட்டி ஒண்டைச் சுத்தினா ஓரம் முந்தி இறுகாது, மேற்பக்கம் இன்னும் சமமா வரும். கேஸ் அவணில துணி நெருப்புக்குக் கிட்டப் போகாமப் பாருங்க. உள்சூடு பார்க்க மீற்றர் இருந்தா நடுவில 95க்கு மேல வந்தா எடுக்கலாம்.

முதல்ல கொழுப்பு மாவை மூடிற்று, பிறகுதான் ஈரம் வருகுது. அதால மாவில இழை குறைவா ஓடும். குமிழி சின்னது, நெருக்கமா இருக்கும். மேட்டுக்குப் பதிலாத் தட்டை. வாளால அறுத்தா துகள் கொட்டாது. உயரம் க்ரீமிங்கை விடக் குறையும், அதை முந்தியே கணக்கில எடுங்க.

ஏறாவூர்_நானா

ராத்தா, எல்லாம் சரி, ஆனா ஒண்டு சொல்லணும். அந்த முறையில செஞ்ச கேக்கைத் தின்றவங்க இது பட்டர் கேக் இல்லயே எண்டு கேக்குறாங்க. எங்கட ஆக்களுக்குப் பட்டர் கேக் எண்டா பிய்ச்சா உதிரணும், தேத்தண்ணியோட வாயில கரையணும். ரிவர்ஸில வாறது வழுவழுப்பா, கனமா, கடையில வாங்கின கேக் மாதிரி. வீட்டு விசேசத்துக்கு வெட்டிக் குடுக்கிறதுக்கு க்ரீமிங்கை விடக் கூடாது.

சாய்ந்தமருது_ராத்தா

இதில நானா சொல்லுறது சரி. வெட்டித் தட்டில வைக்கிற கேக்குக்கு நானும் க்ரீமிங்தான். அடுக்கி, மேல அரைக் கிலோ ஃபொண்டன்ட் பாரத்தைத் தாங்க வேண்டியதுக்கு ரிவர்ஸ். கனம் எண்டு சொன்னீங்க, அது சில நேரம் பட்டர் கூட இளகி இருந்ததாலயும் வரும். இளகின பட்டர் மாவை அளவுக்கு மீறி மூடிரும், எண்ணெய்ப் பிடிப்பா, அமுங்கின கேக்காகும். நல்லா வந்த ரிவர்ஸ் கேக் நெருக்கமா இருக்கும், ஆனா விரலால அமர்த்தினா திரும்பி எழும்பும்.

கல்லடி_கேக்ஸ்

பாதி அளவு செஞ்சு பார்த்தன். மேல தட்டை, துகள் கொட்டல்ல, அடியில அந்தக் கோடும் இல்ல. ஆனா உள்ள அங்கங்க பயறு அளவுக்கு ஓட்டை, ஓட்டையிட சுவர் மினுங்குது, சுத்தி மஞ்சளா இருக்கு. பட்டர் பிரிட்ஜில இருந்து எடுத்து அஞ்சு நிமிசம்தான் வச்சன், உருகிரும் எண்டு பயந்து.

சாய்ந்தமருது_ராத்தா

அந்த மினுங்கல் சுவரே சொல்லுது மகள். பட்டர் மணி உடையாம நிண்டிருக்கு. அவணில அது உருகி மாவுக்குள்ள போயிற்று, அது இருந்த இடம் காலியா நிண்டிற்று. கூட அடிச்சு வாற ஓட்டை இப்படி உருண்டையா இராது, நெட்டுக்கு ஓடும், சுவர் உலர்ந்திருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கொண்டா எந்தப் பக்கம் பிழை எண்டு உடனே தெரியும்.

பட்டரை இன்னும் அஞ்சு நிமிசம் வைங்க. பால், முட்டை விட முந்தி விரலில நசிச்சுப் பார்க்கிறதை விட்டிராதீங்க. ஈரம் சேர்ந்த பிறகு அந்த மணியை உடைக்கேலாது, எவ்வளவு அடிச்சாலும் அது கலவைக்குள்ள வழுக்கி ஓடும்.

ஆரையம்பதி_வாத்தி

ராத்தா, கோர்ன்ஃப்ளவர் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாவின் இழையைக் கொழுப்பே தடுக்கும்போது, புரதத்தையும் குறைப்பது இரட்டை வேலை. அடுக்கும் கேக்குக்குத் தாங்கும் பலமும் தேவை. முழு 250 கிராமும் கோதுமை மாவாகவே வைத்தால் வெட்டும்போது இன்னும் உறுதியாக நிற்கும் என்று நினைக்கிறேன்.

சாய்ந்தமருது_ராத்தா

சேர், கொழுப்பு எல்லா மாவையும் மூடாது. அந்த ஒண்டரை நிமிசம் அடிக்கக்குள்ள மூடாத மா இழை பிடிக்கும். எங்கட கடை மா கேக்குக்கெண்டு அரைச்சது இல்ல, பாணுக்கும் ரொட்டிக்கும் அதைத்தான் எடுக்கிறம். கோர்ன்ஃப்ளவர் இல்லாம நான் செஞ்சா மேல லேசா மேடு திரும்ப வரும். ஆனா நீங்க சொல்லுற பலம் விசயம் மூண்டு தட்டு, நாலு தட்டுக்கு உண்மையா இருக்கலாம். ஒரே நாள், ஒரே பட்டர், ரெண்டு டின் வச்சுப் பார்த்தாத்தான் சொல்லேலும்.

அக்கரைப்பற்று_பேக்கரி

ஒண்டு மட்டும் சொல்லிற்றுப் போறன், தங்கச்சி. பட்டருக்குப் பதிலா மாஜரின் எடுக்கிறதெண்டா டப்பாவில கொழுப்பு எத்தினை வீதம் எண்டு வாசியுங்க. ஒரே தட்டில அடுக்கி வச்சிருக்கிற டப்பாவில சிலது 80 வீதம், சிலது ஃபாட் ஸ்ப்ரெட் எண்டு 60, 65 வீதம். 65 வீதத்தில 250 கிராம் போட்டா கொழுப்பு 160 சொச்சம்தான், பட்டரில 200 வரும். மிச்சம் தண்ணி. ரிவர்ஸில அந்தத் தண்ணி முதலே மாவை நனைச்சிரும், நீங்க முறையை மாத்தினதுக்கு ஒரு பிரயோசனமும் இராது.

கல்லடி_கேக்ஸ்

இது எனக்குத் தெரியாது, நன்றி நானா. இந்த ஓடருக்குப் பட்டர்தான். வெள்ளிக்கிழமை முழு அளவில செய்வன், ஒரு டின் கோர்ன்ஃப்ளவரோட, ஒண்டு இல்லாம. சேர் கேட்டதுக்கு அதில விடை வரும். ராத்தா, ரெண்டு டின்னையும் ஒண்டா அவணில வைக்கலாமா, இல்லாட்டி ஒண்டு முடிய மற்றதா?

சாய்ந்தமருது_ராத்தா

ஒரே தட்டில பக்கத்தில பக்கத்தில வைக்க இடம் இருந்தா ஒண்டா வைங்க, நடுவில ரெண்டு அங்குல இடைவெளி விட்டு. மேல ஒண்டு கீழ ஒண்டு வேணாம், சூடு வேற வேறயாப் போனா எந்த மாவால வந்த வித்தியாசம் எண்டு பிடிக்கேலாது. இடம் இல்லாட்டி ஒண்டு முடிய மற்றது, ஆனா ரெண்டாவது கலவையை அடிச்சு வச்சிட்டுக் காத்திருக்காதீங்க. முதல் டின் முடிய இருபது நிமிசம் இருக்கக்குள்ள பட்டரைப் பிரிட்ஜால எடுங்க, வெட்டி, இளகி, அடிச்சு முடியக்குள்ள அவண் காலியா இருக்கும்.